முட்டத்து மாடியில் ஒரு டைஎலக்ட்ரிக் யூனியன்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான முட்டத்தில் மாமா வீட்டு மொட்டைமாடியில் பழைய பிளாட் பிளேட் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் கிளம்பி, கைப்பிடிச் சுவர் கான்கிரீட்டுக்குள் நுழைந்து வெளியே வந்து, அங்கே காப்பர் பைப்போடு சேர்கிறது. காப்பர் சோலார் டேங்குக்குள் போகிறது. சுடுதண்ணீர் வெளியே வரும் பக்கமும் கொஞ்ச தூரம் காப்பர், அப்புறம் பாத்ரூம்களுக்கு இறங்கும் பழைய ஜி.ஐ. லைன். ஆக மாடியில் இரண்டு இடங்களில் செம்பும் இரும்பும் நேருக்கு நேர் மரை போட்டுச் சேர்ந்திருந்தன. பச்சைத்தண்ணீர் வரும் பக்கத்து ஜாயின்ட் சொட்ட ஆரம்பித்தது. சுடுதண்ணீர்க் குழாயைக் காலையில் திறந்தால் முதல் வாளி செம்மண் கரைத்த மாதிரி வந்தது.

"பைப்பு பழசாயிட்டு மக்கா, ஒரு துண்டு மாத்திரு" என்றார் மாமா. ஆனால் அந்தத் துண்டை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தார்கள். டேங்கிலிருந்து வரும் மற்ற ஜி.ஐ. பைப்புகள் அதைவிட வயதானவை, அவை நன்றாகவே இருந்தன. பழசு என்பது காரணமானால் புதிய துண்டு முதலில் போகக் கூடாது.

கழற்றிய துண்டை நீளவாக்கில் ஹேக்சாவால் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். பைப் துருப்பிடித்த வழக்குகளில் இதைப் போல உண்மை சொல்லும் சாட்சி கிடையாது. காப்பர் அடாப்டருக்குள் போயிருந்த மரைப் பகுதி கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. அதிலிருந்து இரண்டு இஞ்ச் வரை உள்சுவர் முழுக்கத் துருக் கட்டிகள். கைவிரல் நீளம் தள்ளிப் போனால் துரு குறைகிறது, ஒரு சாண் தள்ளினால் துத்தநாகப் பூச்சு இன்னும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காப்பர் பக்கமோ லேசான களிம்பைத் தவிர பழுதில்லை. சாதாரணத் துரு இப்படி ஒரு முனையைத் தேர்ந்தெடுத்துத் தின்னாது. ஜாயின்டில் உச்சம், தள்ளத் தள்ளக் குறைவு, எதிர்ப்பக்க உலோகம் சுத்தம்: இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அது இரட்டை உலோக அரிப்பு, கால்வானிக் அரிப்பு என்பார்கள்.

நடப்பது இதுதான். தண்ணீரில் நனைந்த இரும்பு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரையப் பார்க்கும். விட்ட எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொண்டால்தான் கரைவது தொடரும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்தக் கைமாற்றத்துக்கு ஓர் உலோகப் பரப்பு வேண்டும். இரும்பு தனியாக இருந்தால் அதே பரப்பில் இரண்டும் நடக்க வேண்டும், மேலே துரு மூட மூட வேகம் குறையும். பக்கத்தில் காப்பரை மரை போட்டு இறுக்கிவிட்டால் கதை மாறுகிறது. எலக்ட்ரான் உலோகம் வழியாகவே காப்பருக்கு ஓடுகிறது. காப்பரின் உள்பரப்பு முழுவதும் ஆக்சிஜன் வந்து அதை வாங்கிக்கொள்கிறது. இரும்பு கரைந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சேர்க்கையில் காப்பர் எதையும் இழப்பதில்லை, இடம் மட்டும் கொடுக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும் மின்முனை அழுத்தப் பட்டியலில் செம்பு +0.34 வோல்ட், இரும்பு −0.44, துத்தநாகம் −0.76. நம் குழாய்த் தண்ணீரில் இதே எண்கள் வராது, ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்.

ஜி.ஐ. பைப்பில்தான் துத்தநாகம் பூசியிருக்கிறதே, அது காக்காதா என்று கேட்கலாம். முட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. இரும்புப் படகின் அடியிலும் புரொப்பல்லர் பக்கத்திலும் துத்தநாகக் கட்டியை போல்ட் போட்டு முடுக்குவார்கள். இரும்புக்குப் பதிலாக அது கரையும், கரைந்ததும் புதுக் கட்டி மாற்றுவார்கள். பைப்பின் பூச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மாற்ற வழியில்லாத மெல்லிய பூச்சு அது. போதாக்குறைக்கு, பைப்பில் மரை வெட்டும்போதே அந்த இடத்துப் பூச்சு போய் வெறும் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. மீடியம் கிளாஸ் முக்கால் இஞ்ச் பைப்பின் சுவர் 2.6 மி.மீ. மரையின் ஆழம் 1.16 மி.மீ. மிச்சம் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. அரிப்பு மிக அதிகமாக இருக்கும் இடமும், பூச்சு இல்லாத இடமும், சுவர் மிக மெலிந்த இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. சொட்டு அங்கே தொடங்காமல் வேறெங்கே தொடங்கும்?

மூன்றாவது கூட்டாளி தண்ணீர். எலக்ட்ரான் உலோகம் வழியாகப் போனால், அதற்கு ஈடாகத் தண்ணீருக்குள் அயனிகள் நகர வேண்டும். உப்பு குறைந்த தண்ணீரில் இந்த நகர்வு சிரமம், அதனால் அரிப்பு ஜாயின்டை ஒட்டிய கொஞ்ச இடத்தோடு நின்றுவிடும், வேகமும் மட்டு. கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் அப்படியில்லை. மாமா வீட்டுக் கிணற்றில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கியபோது 900-ஐத் தாண்டியது. பேச்சிப்பாறை அணையின் நல்ல தண்ணீர் பாயும் ஆயக்கட்டுப் பக்கம் இதே ஜாயின்ட் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கலாம்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை கப்பலிலிருந்து வருவதால் இந்த ஊரில் சொல்லத் தோன்றுகிறது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற போர்க்கப்பலின் மரத்து அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தது. இரண்டு வருஷத்தில் பார்த்தபோது தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. சில மட்டும் தப்பித்திருந்தன. தகடு பொதிந்து வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே கிழியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு உலோக பைப்புகளை ஒன்றையொன்று தொடாமல் சேர்க்கும் இணைப்புக்கு டைஎலக்ட்ரிக் யூனியன் என்று பெயர், அது செய்வது அந்தக் காகிதத்தின் வேலைதான்.

யூனியனைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். ஒரு பாதி இரும்பு, அதில் ஜி.ஐ. பைப் மரை ஏறும். மறுபாதி பித்தளை, காப்பர் பக்கத்துக்கு. இரண்டின் முகமும் தொடாமல் நடுவில் ரப்பர் கேஸ்கெட். வெளியே இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் நட்டு இரும்பு. அந்த நட்டு பித்தளைப் பாதியின் தோளில் உட்கார்ந்தால் அதுவே பாலம் ஆகிவிடும் என்பதால், தோளுக்கும் நட்டுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் வளையம். கேஸ்கெட்டை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் யூனியனின் உயிர் அந்த வளையத்தில் இருக்கிறது. வளையம் விரிசல் விட்டாலோ, போட மறந்தாலோ தண்ணீர் ஒழுகாது, ஜாயின்ட் பார்க்க அருமையாக இருக்கும், அரிப்பு மட்டும் பழையபடி நடக்கும்.

டெஃப்லான் டேப் நிறையச் சுற்றினால் போதாதா என்று பிளம்பர் அண்ணன் கேட்டார். போதாது. மரையை முறுக்கும்போது முகடுகள் டேப்பை அறுத்துக்கொண்டு உலோகத்தை உலோகம் தொட்டுவிடும். மின்தொடர்பு பார்க்க மல்டிமீட்டர் வைத்தால் 'பீப்' என்று உடனே சொல்லும். பித்தளை நிப்பிள் ஒன்றை நடுவில் போடலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. அதில் விஷயம் இருக்கிறது, நீளமான பித்தளைத் துண்டு போட்டால் காப்பரை இரும்பிலிருந்து தள்ளி வைத்ததாகும். ஆனால் பித்தளை இரும்பைவிடச் செம்புக்குத்தான் நெருங்கிய சொந்தம், மின்சாரத்தையும் தடுக்காது. நல்ல தண்ணீரில் சமாளிக்கும். 900 டி.டி.எஸ்.ஸில் நம்ப மனம் வரவில்லை.

நாகர்கோவில் கோட்டார் கடைகளில் கேட்டதற்கு சாதா ஜி.ஐ. யூனியனைத்தான் எடுத்து நீட்டினார்கள். இணையத்தில் வரவழைக்க வேண்டியதாயிற்று. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைப்பவற்றில் நிறைய அமெரிக்க மரை, அதாவது என்.பி.டி. நம் ஊர் ஜி.ஐ. பைப் பி.எஸ்.பி. மரை. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் ஏமாற்றிவிடும். கையால் சுற்றினால் அழகாக ஏறும். ஆனால் மரையின் கோணம் என்.பி.டி.யில் 60 டிகிரி, பி.எஸ்.பி.யில் 55. முகடும் பள்ளமும் ஒட்டாமல் சுழல் பாதையில் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு இஞ்ச் பைப்பிலோ என்.பி.டி. இஞ்சுக்குப் பதினொன்றரை மரை, பி.எஸ்.பி. பதினொன்று என்பதால் கொஞ்சத்திலேயே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் பி.எஸ்.பி. பெண் மரை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். காப்பர் பக்கம் நேராகப் பற்றவைக்கும் வகையும் உண்டு. அதில் நட்டையும் வளையத்தையும் முதலில் பைப்பில் கோத்துத் தள்ளி வைத்து, பற்றவைத்து, முழுக்க ஆறிய பிறகுதான் வளையத்தை இழுத்துப் பொருத்த வேண்டும். அவசரப்பட்டால் வளையம் உருகும். மரை வகையில் இந்தத் தொல்லை இல்லை. 22 மி.மீ. காப்பர் பைப்பில் ஓர் ஆண் மரை அடாப்டரைத் தனியாகத் தரையில் வைத்துப் பற்றவைத்து, ஆறவிட்டு, அப்புறம் யூனியனில் ஏற்றினோம்.

ஜி.ஐ. பக்கம் அரித்த இடத்தைத் தாண்டி வெட்டி, புது மரை போட்டு, டேப் சுற்றி இரும்புப் பாதியை ஏற்றினோம். பிறகு கேஸ்கெட், வளையம், நட்டு. நட்டை முறுக்கும்போது பித்தளைப் பாதியை இன்னொரு ரெஞ்சால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது கூடவே சுழன்று வளையத்தை அரைத்துவிடும். கையால் இறுகிய பிறகு ரெஞ்சால் இன்னும் கொஞ்சம், கேஸ்கெட் பிதுங்காத அளவு.

தண்ணீர் விடுவதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்துவிட வேண்டும். பைப் காய்ந்திருக்கும்போது மட்டும்தான் ஓம் அளவு நம்பகமானது. தண்ணீர் நிரம்பிவிட்டால் தண்ணீரே கொஞ்சம் கடத்தும், போதாததற்கு இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரியாகி மீட்டரைக் குழப்பும். ஒரு முனையை ஜி.ஐ.யிலும் மறுமுனையைக் காப்பரிலும் துருவும் களிம்பும் சுரண்டிய இடத்தில் வைத்தேன். 'பீப்' என்றது.

யூனியன் பழுது என்று பிளம்பர் அண்ணன் முடிவே கட்டிவிட்டார். கழற்றித் தனியாக வைத்து அளந்தால் சத்தம் இல்லை. ஆக மின்சாரம் யூனியன் வழியாகப் போகவில்லை, சுற்றுவழியில் போகிறது. மாடியில் தேடினால் முதல் வழி கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. சோலாரின் இரும்பு ஸ்டாண்டில் காப்பர் பைப்பை ஜி.ஐ. கிளாம்ப் போட்டுப் பிடித்திருந்தார்கள். ஸ்டாண்டின் மற்றொரு காலில் டேங்கிலிருந்து வரும் ஜி.ஐ. பைப்பும் கட்டியிருந்தது. காப்பர் பக்கத்துக் கிளாம்புகளைக் கழற்றி, ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப் போட்டோம். கழற்றியபோது பழைய கிளாம்புகளும் காப்பரைத் தொட்ட இடத்தில் மட்டும் அரித்திருந்தன. உப்புக்காற்றின் ஈரம் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தாலே அங்கேயும் இதே வேலை நடக்கிறது, ஆடிச் சாரலில் கேட்கவே வேண்டாம்.

இன்னும் 'பீப்' நிற்கவில்லை. சோலார் டேங்கில் மழைக்காலத்துக்கென்று ஒரு மின் ஹீட்டர் காயில் இருக்கிறது. அதன் எர்த் வயரை யாரோ ஒரு எலக்ட்ரீஷியன், பக்கத்தில் கிடைத்த ஜி.ஐ. பைப்பில் சுற்றி முடித்திருந்தார். டேங்க் காப்பரோடு சேர்ந்தது, வயர் ஜி.ஐ.யோடு சேர்ந்தது, நடுவில் யூனியன் வெறும் அலங்காரம். இந்த இடத்தில் வயரை வெட்டி எறிந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது உயிர் காக்கும் வயர். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, காயிலின் எர்த்தை வீட்டின் எர்த் லைனுக்குத் தனி வயரில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் பைப்பிலிருந்து அதை அவிழ்த்தோம். பழைய வீடுகளில் தண்ணீர் பைப்பையே எர்த்தாக நம்பியிருப்பார்கள். அங்கே யூனியன் போட்டால் எர்த் துண்டாகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. இது அரிப்பைவிடப் பெரிய விஷயம்.

எர்த்தை மாற்றியதும் மீட்டர் அடங்கியது. இங்கே ஒரு வசதி, ஓவர்ஹெட் டேங்க் பிளாஸ்டிக். டேங்குக்கு அந்தப் பக்கம் மோட்டாரின் எர்த்தோடு தொடர்புள்ள பைப்பும், இந்தப் பக்கத்து ஜி.ஐ.யும் அதனால் பிரிந்தே இருக்கின்றன. சுவருக்குள் போகும் பைப் கான்கிரீட் கம்பியைத் தொட்டிருந்தால் சிக்கல் நீண்டிருக்கும். தொடவில்லை என்று மீட்டர் சொல்லிவிட்டது.

தண்ணீர் விட்ட பிறகு மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டுக்கு மாற்றினேன். செம்பு பாசிட்டிவ், ஜி.ஐ. நெகட்டிவ், நானூறு பக்கம் காட்டியது. அந்த அழுத்தம் தெரிவதே நல்ல செய்தி. இரண்டும் பிரிந்திருக்கின்றன, ஓட வழியில்லாமல் அழுத்தம் நிற்கிறது. நாளைக்கு யாராவது ஒரு கம்பியைக் கட்டிவிட்டாலோ, வளையம் உடைந்தாலோ இது பூஜ்யத்தை ஒட்டி விழும். தண்ணீர் இருக்கும்போதே யூனியனைச் சோதிக்க இதுதான் சுலபமான வழி. யூனியனுக்குள் சில மி.மீ. தண்ணீர் இடைவெளிதான் என்பதால் முகங்களுக்கு நடுவே அயனி நகரத் தடையில்லை. ஆனால் உலோகப் பாதை அறுந்துவிட்டதால் சுற்று முடிவதில்லை.

பச்சைத்தண்ணீர்ப் பக்கம் இத்தோடு சரி. சுடுதண்ணீர்ப் பக்கமும் ஒரு யூனியன் போட்டுவிட்டால் முடிந்தது என்றார் அண்ணன். அங்கே நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்து ஜி.ஐ. துண்டையும் பிளந்து பார்த்திருந்தேன். இங்கே துரு ஜாயின்டில் மட்டும் இல்லை. இரண்டு மூன்று அடி தள்ளியும் அங்கங்கே தனித்தனிக் குழிகள். துருவைச் சுரண்டினால் சில குழிகளின் அடியில் மங்கலான செம்பு நிறம்.

காரணம், தண்ணீர் ஓடும் திசை. பச்சைத்தண்ணீர்ப் பக்கம் ஜி.ஐ. முதலில், காப்பர் பிறகு. சுடுதண்ணீர்ப் பக்கம் காப்பர் முதலில், ஜி.ஐ. பிறகு. கலெக்டருக்குள் இருக்கும் காப்பர் குழாய்களில் இரவெல்லாம் நிற்கும் தண்ணீர் மிகச் சிறிதளவு செம்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் கீழே இறங்கும்போது கரைந்த செம்பு துத்தநாகத்தின் மேலும் இரும்பின் மேலும் உலோகமாகப் படிகிறது. படிந்த ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டே ஒரு குட்டி ஜோடியாகிறது. எத்தனை யூனியன் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. யூனியன் எலக்ட்ரானைத் தடுக்கும், தண்ணீரோடு வரும் செம்பைத் தடுக்காது. அதோடு 60 டிகிரிக்கு மேல் சூடான சில தண்ணீர்களில் துத்தநாகம் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, இரும்பைக் காப்பதற்குப் பதிலாக இரும்பையே அரிக்க விடும். சுடுதண்ணீருக்கு ஜி.ஐ. ஏற்றதல்ல என்பதற்கு இதுவே போதும்.

அதனால் அந்தப் பக்கம் பழைய ஜி.ஐ.யைக் கைவிட்டுவிட்டு, காப்பர் முடியும் இடத்திலிருந்து பாத்ரூம் வரை சிபிவிசி இழுத்தோம். 82 டிகிரி வரை தாங்குவதைப் பார்த்து வாங்கினோம். வெயில் உச்சத்தில் யாரும் தண்ணீர் எடுக்காத நாளில் டேங்க் வாயில் இதற்கு மேலும் சூடு ஏறலாம் என்பதால், முதல் ஒரு மீட்டர் காப்பராகவே விட்டோம். பிளாஸ்டிக் வந்துவிட்டதால் அங்கே யூனியனே தேவையில்லை. காலைச் செம்மண் தண்ணீர் நின்றுவிட்டது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்: "அப்போ கீழ பாத்ரூம்ல பச்சத்தண்ணி லைன்ல பித்தளக் குழாய் ஜி.ஐ.ல தான முறுக்கியிருக்கு, அது ஏன் போகல?"

நல்ல கேள்வி. அங்கே பரப்பு தலைகீழ். பித்தளைக் குழாயின் நனையும் பரப்பு கையளவுதான், இரும்பு பைப் நீளமானது. ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இடம் சிறியதானால் மொத்த ஓட்டமே சிறியது. அதையும் நீளமான இரும்பு பங்கிட்டுக்கொள்வதால் ஒரு இடத்தில் விழும் பங்கு இன்னும் குறைவு. மாடியில் நேர் எதிர்: பின்னால் மீட்டர் கணக்கில் காப்பர், முன்னால் பூச்சுப் போன நாலு மரை. குழாய்க்குப் பின்னால் இருக்கும் எல்போவின் மரையும் ஒருநாள் மெலியத்தான் செய்யும், ஆனால் அதற்கு நாள் ஆகும். பாத்ரூம் பச்சைத்தண்ணீர் லைனைத் தொடாமல் விட்டுவிட்டோம்.